நானே அனுப்பிய பணம், என்.ஆர்.இ. கணக்குக்கு மாற்ற ஏன் இத்தனை காகிதம்?

கேள்வி: "2020இலிருந்து ஷார்ஜாவில் வேலை. ஊரில் இருந்த பழைய சேவிங்ஸ் கணக்கை வங்கியில் என்.ஆர்.ஓ. ஆக்கிக் கொடுத்தார்கள். எக்ஸ்சேஞ்ச் மூலம் அதற்கேதான் மாதாமாதம் அனுப்பினேன், மொத்தம் 31 லட்சம். வீட்டுச் செலவு போக இப்போது டெபாசிட்டில் 15 லட்சம், சேவிங்ஸில் 7 லட்சம் இருக்கிறது. நடுவில் அப்பா நெல் விற்ற 80,000 ரூபாயையும் அதில் போட்டார். போன மாதம் என்.ஆர்.இ. கணக்கு திறந்தேன். பணத்தை அதற்கு மாற்றச் சொன்னால் ஆடிட்டர் சான்று கொண்டு வா என்கிறார்கள். நானே வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம்தானே? மனை ஒன்று வாங்கும் யோசனையும் உண்டு. இந்தப் பணத்தில் வாங்கலாமா?"

பதில்:

காவிரிக் கரை ஊர் ஒன்றில், வங்கிக் கிளையின் என்.ஆர்.ஐ. பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இதே வார்த்தைகளை, இதே ஆற்றாமையோடு, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னவர்கள் நிறையப் பேர். பணம் உங்களுடையதுதான், அது எங்கும் போய்விடவில்லை. ஆனால் அது எந்த வாசல் வழியாக உள்ளே வந்ததோ, அந்த வாசலுக்கு உரிய விதிதான் அதற்கு. பணம் எங்கே சம்பாதித்தது என்று வங்கியின் கணக்குப் புத்தகம் பார்ப்பதில்லை. எந்தக் கணக்கில் நிற்கிறது என்றுதான் பார்க்கிறது.

என்.ஆர்.இ. கணக்கில் வெளிநாட்டிலிருந்து வரும் பணம், இன்னொரு என்.ஆர்.இ. கணக்கிலிருந்தோ வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கும் எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டிலிருந்தோ வரும் பணம், அந்தக் கணக்கிலேயே விளைந்த வட்டி போன்றவைதான் சேர முடியும். வாடகை, பென்ஷன் போன்ற நடப்பு வருமானத்தை, வரி கட்டியதை வங்கிக்குக் காட்டினால் அதில் சேர்க்கலாம். மற்றபடி உள்ளூர் ரூபாய்க்கு அங்கே இடமில்லை. ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கட்ட முடியாது. கதவில் இவ்வளவு காவல் இருப்பதால்தான், உள்ளே இருப்பது முழுக்க வெளிநாட்டுப் பணம் என்று வங்கி கேள்வி கேட்காமல் நம்புகிறது. நாளை அதைத் திரும்ப துபாய்க்கோ கனடாவுக்கோ அனுப்பச் சொன்னால், எவ்வளவு என்றாலும் அனுப்பிவிடும். நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும்வரை அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரியும் கிடையாது.

என்.ஆர்.ஓ. கணக்கு இதற்கு நேர் எதிர். ஊரில் உங்களுக்கு வர வேண்டிய எல்லாவற்றுக்குமான பொதுத் தொட்டி அது. வீட்டு வாடகை, பழைய பி.எஃப்., சொத்து விற்ற பணம், நண்பர் திருப்பித் தந்த கைமாற்று எல்லாம் அங்கே வரும். வெளிநாட்டுப் பணமும் வரலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. சிக்கலின் வேரே இதுதான். தவறான கணக்குக்கு அனுப்புகிறீர்கள் என்று ஐந்து வருடமாக எந்த இயந்திரமும் உங்களைத் தடுக்கவில்லை, ஏனென்றால் அது விதிப்படி செல்லும் வரவுதான். ஆனால் தொட்டியில் விழுந்த பிறகு ஆற்றுத் தண்ணீர் எது, மழைத் தண்ணீர் எது என்று பிரிக்க முடியாது. உங்கள் அப்பா போட்ட 80,000 ரூபாயும் நீங்கள் அனுப்பிய 31 லட்சமும் வட்டியும் ஒன்றாகக் கலந்து, இந்தியாவில் உள்ள சொத்து என்ற ஒரே பெயரில் நிற்கின்றன.

இந்த ஏற்பாட்டை ஒரு வழி மதகு என்று நினைத்துக்கொள்ளுங்கள். என்.ஆர்.இ.-யிலிருந்து என்.ஆர்.ஓ.-வுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஒரு நொடியில் விடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அங்கிருந்து இங்கே ஏற்ற வேண்டுமென்றால், அந்தப் பணத்தை வெளிநாட்டுக்கே அனுப்பினால் என்ன நிபந்தனையோ அதே நிபந்தனை பொருந்தும். 2012ஆம் ஆண்டு மே மாதம்வரை இப்படி ஏற்றவே வழியில்லை. பணத்தை ஒரு முறை வெளிநாட்டுக்கு அனுப்பி, திரும்ப என்.ஆர்.இ.-க்குக் கொண்டுவருவார்கள். அந்த மாதம் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கைதான் நேரடியாக மாற்ற அனுமதித்தது, அதுவும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பினால் கட்ட வேண்டிய வரியைக் கட்டிவிட்டுத்தான் என்ற நிபந்தனையோடு. பணம் அதே கிளையில், அதே பெயரில், பக்கத்துக் கணக்குக்குத்தான் போகிறது என்றாலும் வங்கி அதை வெளிநாட்டுப் பயணமாகவே பார்ப்பது இதனால்தான்.

அளவு என்னவென்றால், ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர். உங்களுக்கு எத்தனை வங்கியில் எத்தனை என்.ஆர்.ஓ. கணக்கு இருந்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து இதுதான் உச்சவரம்பு. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் எட்டரைக் கோடி. உங்கள் 22 லட்சம் 26,000 டாலர்கூட இல்லை. ஆகவே வரம்பைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம். உங்களை மறிப்பது வரம்பு அல்ல, நிரூபணம். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, இதற்குரிய வரி கட்டியாயிற்றா என்ற இரண்டு கேள்விக்கும் காகிதத்தில் பதில் வேண்டும்.

ஆடிட்டர் சான்று என்று உங்களிடம் கேட்டது 15சிபி என்று எல்லோர் வாயிலும் புழங்கும் படிவம். அதைப் பட்டயக் கணக்காளர் வருமான வரித் தளத்தில் ஏற்றுவார். அதற்கு இணையாக 15சிஏ என்ற உறுதிமொழியை உங்கள் லாகினில் நீங்கள் தர வேண்டும். முதலில் அவர் 15சிபி, பிறகு அதன் ஒப்புகை எண்ணை வைத்து நீங்கள் 15சிஏ, இந்த வரிசை மாறக்கூடாது. வரிக்குட்பட்ட தொகை ஒரு நிதியாண்டில் 5 லட்சத்துக்குள் இருந்தால் 15சிஏ-யின் முதல் பகுதி மட்டும் போதும், ஆடிட்டர் வேண்டாம். இதைக் கேட்டவுடன், ஐந்து ஐந்தாக நாலு தவணையில் மாற்றிவிடலாமே என்று பலருக்குத் தோன்றும். அந்த 5 லட்சம் வருடம் முழுவதற்குமான கூட்டுத்தொகை, ஒவ்வொரு தவணைக்குமானது அல்ல. எனவே பிரிப்பதால் பயன் இல்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்து நீங்கள் அனுப்பிய அசல் இந்தியாவில் வருமானமே அல்ல. வரிக்கு உட்படாத தொகைக்கென்று 15சிஏ-யிலேயே தனிப் பகுதி இருக்கிறது, அதற்கு ஆடிட்டர் சான்று சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் கலந்து கிடக்கும் ஒரு கணக்கைப் பார்த்து, இது அசல், இது வட்டி என்று பிரிக்கும் பொறுப்பை வங்கி அதிகாரி தன் தலையில் ஏற்றுக்கொள்ள மாட்டார். அதனால் பெரும்பாலான கிளைகளில் சான்று கேட்பார்கள். இதில் நான் அதிகாரியின் பக்கம்தான். நாளை கேள்வி வந்தால் கையெழுத்துப் போட்டவரைத்தான் கூப்பிடுவார்கள். சட்டப் பிரிவைக் காட்டி வாதாடுவதைவிட ஒரு நல்ல ஆடிட்டரிடம் போவது சீக்கிரம் முடியும்.

இனி உங்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். அனுப்பியது 31 லட்சம். வீட்டுச் செலவுக்கு 11 லட்சம் போயிருந்தால் மிச்சம் 20 லட்சம். அப்பா போட்டது 80,000. ஆக 20 லட்சத்து 80 ஆயிரம். இருப்பது 22 லட்சம் என்றால் மீதி 1 லட்சத்து 20 ஆயிரம் வட்டியாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் வரி பிடித்தது போக. சரியான எண்களை உங்கள் ஸ்டேட்மெண்ட் சொல்லும், கணக்குப் போடும் முறை இதுதான். இதே பட்டியலைத்தான் ஆடிட்டரும் முதலில் கேட்பார்.

இதில் 20 லட்சத்துக்கு ஆதாரம், மாதாமாதம் வந்த வரவுகளைக் காட்டும் ஸ்டேட்மெண்டும் எக்ஸ்சேஞ்ச் ரசீதுகளும். எக்ஸ்சேஞ்ச் வழியாக வரும் பணம் இந்தியாவுக்குள் ரூபாயாகவே உங்கள் கணக்கில் விழும். ஸ்டேட்மெண்டில் ஏதோ ஒரு இந்திய வங்கியின் பெயர்தான் தெரியும், ஷார்ஜா என்று இருக்காது. பார்க்கிறவருக்கு அது உள்ளூர் வரவு போலத் தோன்றும். அதனால் எக்ஸ்சேஞ்சில் உங்கள் பெயரில் இருக்கும் அனுப்புதல் விவரம் முழுவதையும் 2020இலிருந்து எடுத்துக் கேளுங்கள். ஒரு வரிக்கு ஒரு வரி ஸ்டேட்மெண்டோடு ஒத்துப்போக வேண்டும். பழைய வருடங்களின் பதிவு கிடைக்கத் தாமதமாகலாம், முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள்.

அடுத்தது வட்டி. உங்கள் 15 லட்சம் டெபாசிட்டுக்கு 7 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 1,05,000 ரூபாய். என்.ஆர்.ஓ. என்பதால் வங்கி 30 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடிக்கும். அதாவது 32,760 ரூபாய் போய், கைக்கு வருவது 72,240. இதே டெபாசிட் என்.ஆர்.இ.-யில் அதே வட்டிக்கு இருந்திருந்தால் 1,05,000 ரூபாயும் உங்களுக்குத்தான். என் கிளைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வரம்பைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள், இந்தக் கசிவை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் மனசு கேட்காது. வெயிலில் நின்று சம்பாதித்த பணம், தவறான ஒரு கணக்கு எண்ணால் வருடா வருடம் இப்படிக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

பிடித்த வரி எல்லாம் போனதென்று விட்டுவிட வேண்டாம். இந்தியாவில் உங்களுக்கு இந்த வட்டியைத் தவிர வேறு வருமானம் இல்லையென்றால், மொத்தம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் அடங்கும். அந்த விலக்கு வெளிநாட்டில் இருப்பவருக்கும் உண்டு. ஐ.டி.ஆர்.-2 என்ற வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் பிடித்தது திரும்ப வரும். ஜூலை கடைசித் தேதி தவறிவிட்டால் டிசம்பர் 31 வரை தாமதமாகத் தாக்கல் செய்தும் கேட்கலாம். அதையும் தாண்டிய பழைய வருடங்களுக்குத் துறையிடம் தாமத மன்னிப்புக் கேட்டு மனுச் செய்ய வேண்டும். அப்டேட்டட் ரிட்டர்ன் என்ற வழியில் ரீஃபண்ட் கிடைக்காது, சிலர் அதில் முயன்று ஏமாந்துபோகிறார்கள். இனி வரும் காலத்துக்கு, அமீரகத்தில் இருப்பதற்கான வரிக் குடியிருப்புச் சான்றை எடுத்து 10எஃப் என்று புழங்கும் படிவத்தோடு வங்கியில் கொடுத்தால், இந்திய–அமீரக ஒப்பந்தப்படி வட்டி மீதான பிடித்தம் 12.5 சதவீதமாகும். மேலே சொன்ன 1,05,000 ரூபாய்க்கு அது 13,125 ரூபாய். ஆனால் பணத்தையே என்.ஆர்.இ.-க்கு நகர்த்தப் போகிறீர்கள் என்றால் இதற்காக அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது, அப்பா போட்ட நெல் காசு. தொகையில் சின்னது, விளக்குவதில் இதுதான் பெரிய தொல்லை. இந்தியாவில் இருக்கும் நெருங்கிய உறவினர் உங்களுக்கு ரூபாயில் அன்பளிப்புத் தரலாம், என்.ஆர்.ஓ.-வில் வரவு வைக்கலாம். ஆனால் காசோலையாகவோ வங்கி மாற்றாகவோ இருக்க வேண்டும், அது வெளிநாட்டுக்கு அனுப்ப அவருக்கு உள்ள வருடாந்திர 2,50,000 டாலர் வரம்பில் கழியும். ரொக்கமாகக் கட்டியது இந்த வரிசையில் சேராது. மாற்றும்போது நீங்கள் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தப் பணம் இந்தியாவில் எனக்கு நியாயமாக வர வேண்டியது, இன்னொருவரிடம் கடன் வாங்கியது அல்ல, இன்னொரு என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து மாற்றியது அல்ல என்று அதில் இருக்கும். பொய்யாக இருந்தால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நடவடிக்கை. அதனால் மச்சான் கணக்கில் இருப்பதையும் இதோடு சேர்த்து அனுப்பிவிடலாம் என்ற யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆகவே என் ஆலோசனை, 22 லட்சத்தையும் மாற்றக் கேட்காதீர்கள். 20 லட்சம் மட்டும் கேளுங்கள். அப்பாவின் 80,000 ரூபாயும் வட்டியான 1,20,000 ரூபாயும் சேர்ந்த 2 லட்சம் என்.ஆர்.ஓ.-விலேயே இருக்கட்டும். வட்டியையும் வரி கட்டியதைக் காட்டி மாற்ற முடியும்தான். ஆனால் அதை விட்டுவிட்டால், கேட்கும் தொகை முழுவதும் நீங்கள் அனுப்பிய அசலாகவே நிற்கும். 31 லட்சம் வந்ததற்கு ஆதாரம், அதில் 20 லட்சம் போகிறது என்ற கணக்கு யாருக்கும் புரியும். சான்று எழுதும் ஆடிட்டருக்கும் கை நடுங்காது. மிச்சமிருக்கும் 2 லட்சம் ஊர்ச் செலவுக்கு ஆகும், அப்பா எடுத்துச் செலவு செய்ய யாரும் மறுக்கப் போவதில்லை.

டெபாசிட்டை உடனே உடைக்க வேண்டாம், முதலில் முதிர்வுத் தேதியைப் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முதிர்கிறதென்றால் காத்திருப்பதே லாபம், முன்கூட்டி உடைத்தால் வட்டி விகிதம் குறைத்துக் கணக்கிடுவார்கள். என்.ஆர்.ஓ. டெபாசிட்டை அப்படியே என்.ஆர்.இ. டெபாசிட் என்று பெயர் மாற்ற முடியாது. அது முடிந்து சேவிங்ஸுக்கு வந்து, காகித வேலை முடிந்து, என்.ஆர்.இ. சேவிங்ஸுக்குப் போய், அங்கே புதிதாகத்தான் தொடங்கும். என்.ஆர்.இ. டெபாசிட்டுக்குக் குறைந்தது ஒரு வருடக் காலம் உண்டு, அதற்குள் எடுத்தால் வட்டியே கிடையாது. அடுத்த ஆறு மாதத்தில் பணம் தேவைப்படும் என்றால் அந்தப் பகுதியை டெபாசிட்டில் பூட்டாதீர்கள். சேவிங்ஸில் இருக்கும் 7 லட்சத்தில் 5 லட்சத்தை இப்போதே மாற்றி, டெபாசிட் முதிர்ந்ததும் 15 லட்சத்தை மாற்றலாம். இரண்டு முறையும் படிவம் வேண்டும், அதனால் காத்திருக்கும் காலம் குறைவென்றால் ஒரேயடியாகச் செய்யுங்கள்.

வங்கியில் கொடுக்க வேண்டியவை, கிளைக்குக் கிளை சிறு வேறுபாட்டோடு, பொதுவாக இவ்வளவுதான். மாற்றக் கோரும் கடிதம், ஏ2 என்ற அந்நியச் செலாவணி விண்ணப்பம், நான் மேலே சொன்ன உறுதிமொழி, 15சிஏ, 15சிபி, பணத்தின் மூலத்துக்கான ஆதாரங்கள், பாஸ்போர்ட்டும் விசாவும். இரண்டு கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால் நல்லது. பெயர் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள், அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னும் ஒன்றில் பின்னும் இருந்து திரும்பி வந்த விண்ணப்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

குறுக்கு வழிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். என்.ஆர்.ஓ.-விலிருந்து ரொக்கமாக எடுத்து என்.ஆர்.இ.-யில் கட்டுவது முடியாது, காசாளரே திருப்பித் தருவார். மனைவியின் என்.ஆர்.இ. கணக்குக்கு மாற்றுவதும் இந்த வழியில் நடக்காது, பணம் உங்கள் சொந்த என்.ஆர்.இ.-க்குத்தான் போக வேண்டும். ஊரிலுள்ள தம்பியின் கணக்குக்குப் போட்டு அவர் உங்களுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பார்கள். அப்போது அது அவருடைய பணம் ஆகிவிடுகிறது, அவருடைய வருடாந்திர வரம்பில் கழிகிறது, நாளை அவர் வருமானத்துக்கும் அனுப்பிய தொகைக்கும் பொருத்தமில்லை என்று அவருக்குக் கடிதம் வரும். உங்கள் நேர்மையான பணத்துக்காக அவரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

இனி மனை விஷயம். உங்கள் கேள்வியில் இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் இன்னும் நீங்கள் செய்யவில்லை. கணக்கின் குணம் அதிலிருந்து வாங்கும் சொத்துக்கும் தொற்றிக்கொள்ளும். என்.ஆர்.ஓ. பணத்தில் மனையோ வீடோ வாங்கினால், பத்து வருடம் கழித்து விற்கும்போது முழுத் தொகையும் என்.ஆர்.ஓ.-வுக்கே வரும், மறுபடி அந்த 10 லட்சம் டாலர் வரம்பும் 15சிஏ, 15சிபியும்தான். என்.ஆர்.இ. கணக்கிலிருந்தோ நேராக வெளிநாட்டிலிருந்து வந்த பணத்திலோ வீடு வாங்கியிருந்தால், அதற்காக நீங்கள் கொடுத்த தொகை அளவுக்கு அந்த வரம்புக்கு வெளியே திரும்ப எடுத்துச் செல்லலாம். லாபப் பகுதி மட்டும் என்.ஆர்.ஓ.-வுக்குப் போகும். இந்தச் சலுகை குடியிருப்புச் சொத்தில் இரண்டுக்கு மட்டுமே. மியூச்சுவல் ஃபண்டிலும் இதே குணம்தான். என்.ஆர்.ஓ.-விலிருந்து போட்டால், எடுக்கும்போது அங்கேதான் திரும்பும்.

ஆகவே மனை அவசரமில்லையென்றால் முதலில் பணத்தை என்.ஆர்.இ.-க்கு நகர்த்திவிட்டு, அங்கிருந்து விற்பவரின் வங்கிக் கணக்குக்கு நேராகச் செலுத்துங்கள். முன்பணம் என்று அப்பா கையால் ரொக்கம் கொடுக்க வைக்காதீர்கள், வெளிநாட்டில் இருப்பவர் சொத்து வாங்கும்போது பணம் முழுவதும் வங்கி வழியாகவே போக வேண்டும். எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில், எந்தப் பரிமாற்ற எண்ணில் பணம் போனது என்று கிரயப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். விற்கும் நாளில் அந்த ஒரு பத்தி பத்து ரசீதுக்குச் சமம். இன்னொன்றும் அவசியம். நம் பக்கத்தில் மனை என்று சொல்லி நஞ்சையைப் பிரித்து விற்பது சகஜம். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க முடியாது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவா, பத்திரத்தில் நிலத்தின் வகை என்ன என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, இனி அனுப்புவது. புதுக் கணக்கு திறந்த பிறகும் பணம் பழைய கணக்குக்கே போவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. இரண்டும் ஒரே கிளை என்பதால் ஐ.எஃப்.எஸ்.சி. ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான். வேறுபாடு கணக்கு எண்ணில் மட்டும். எக்ஸ்சேஞ்சின் செயலியில் பழைய எண் முதலாவதாகச் சேமித்து வைத்திருக்கும், வரிசையில் நிற்கும் அவசரத்தில் அதையே தொட்டுவிடுவோம். பழைய பெனிஃபிஷியரியை நீக்கிவிடுங்கள். புதியதைச் சேர்த்து, முதலில் 100 திர்ஹம் அனுப்பிப் பாருங்கள். நெட் பேங்கிங் திரையில் NRE என்று இருக்கும் கணக்கில் அது வரவாகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு சம்பளத்தை அனுப்புங்கள்.

தவறி ஒரு மாதம் பழைய கணக்குக்கே போய்விட்டால், அன்றைக்கே எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுங்கள். வரவாகும் முன் நிறுத்தினால் திரும்பிவிடும். வரவான பிறகு, நீங்கள் கொடுத்த எண்ணே பழையது என்றால் வங்கியால் திருத்த முடியாது, மேலே சொன்ன நீண்ட வழிதான். ஆனால் நீங்கள் என்.ஆர்.இ. எண்ணைச் சரியாகக் கொடுத்து, வங்கி தவறாக என்.ஆர்.ஓ.-வில் வரவு வைத்திருந்தால் அது வங்கியின் பிழை, திருத்திக் கொடுப்பது அவர்கள் கடமை. அதற்கு அனுப்பிய ரசீதில் எந்த எண் அச்சாகியிருக்கிறது என்பதுதான் சாட்சி. எனவே பணம் போய்ச் சேர்ந்துவிட்டதென்று ரசீதைக் கிழித்துப் போடாமல் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் அப்பா பணம் எடுக்க வேண்டுமே, அதற்காகத்தான் என்.ஆர்.ஓ. என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கும் என்.ஆர்.இ.-யிலேயே வழி இருக்கிறது. நெருங்கிய உறவினர் என்ற முறையில், நீங்கள் முதலாமவராகவும் அவர் உங்களுக்குப் பின் என்ற நிபந்தனையிலும் அப்பாவைச் சேர்க்கலாம். அல்லது அவருக்கு இயக்கும் அதிகாரம் மட்டும் எழுதிக் கொடுக்கலாம். ஊர்ச் செலவுக்கு அவர் எடுக்கலாம், பில் கட்டலாம். உங்கள் சார்பில் யாருக்கும் அன்பளிப்பாகத் தரவோ, உங்களைத் தவிர வேறு யாருக்கும் வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாது. ஆக மாதச் சம்பளம் முழுவதும் என்.ஆர்.இ.-க்கு வரட்டும். வீட்டுக்குத் தேவையானதை அங்கிருந்தே அப்பா எடுத்துக்கொள்ளட்டும், அல்லது அந்த அளவு மட்டும் நீங்கள் என்.ஆர்.ஓ.-வுக்கு இறக்கிவிடுங்கள்.